ஹார என்றால் எத்தனை

மொழிபெயர்ப்பு வேலை வந்தால் தாளின் நடுவே பென்சிலால் ஒரு கோடு போடுவேன். இடப்பக்கம் மூலத்தில் உள்ள சொல், காதில் ஒலிக்கிறபடி. வலப்பக்கம் அதன் பொருள். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. பொருள் மட்டும் எழுதிய தாளில் தப்பு எங்கே நுழைந்தது என்று தேட முடியாது என்பதால் நானாக வைத்துக்கொண்ட வழக்கம்.

அறுபதுகளின் நடுவில் புதுக்கோட்டையில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் தட்டச்சு ஹையர், சுருக்கெழுத்து லோயர், அரசாங்கப் பரீட்சையில் தேறிய சான்றிதழ்கள் மூன்று. கோர்ட்டுக்குப் பின்தெருவில் இருந்தது ஆபீஸ். முன்னறையில் நானும் என் மெஷினும். உள்ளறையில் வக்கீல்.

ஆலங்குடியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் ஒரு நாள் காலை முதல் பஸ்ஸில் வந்து, ஆபீஸ் திறக்குமுன்பே வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு பதிவுத்தபால் உறை. உட்காரச் சொன்னபோது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

அதற்கு முன் அவர் இலங்கையில் ஒரு ஜவுளிக்கடையில் பத்து வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கடை முதலாளி பொன்னமராவதிப் பக்கத்துக்காரர். கடையை இன்னொருவருக்கு விற்றுவிட்டு முதலாளியும் ஊர் திரும்பிவிட்டார். பழைய கணக்குகளை எடுத்து முதலாளியின் மகன் சரிபார்த்திருக்கிறான். அதில் ஒரு நாள் கணக்கு இடித்தது. அதற்குத்தான் வக்கீல் நோட்டீஸ்.

நான் அதை நகல் எடுத்தேன். விஷயம் இவ்வளவுதான். குறிப்பிட்ட தேதியில் பேங்கில் கட்டுவதற்காக 6,450 ரூபாய் எடுத்துப் போனதாகக் கணக்குப்பிள்ளை தன் கையாலேயே நாள்குறிப்பில் எழுதியிருக்கிறார். பேங்கு பாஸ்புத்தகத்திலோ அன்றைக்கு 4,450தான் வரவாகியிருக்கிறது. இடையில் இரண்டாயிரம் எங்கே? பதினைந்து நாளில் பணத்தை வைக்காவிட்டால் நம்பிக்கை மோசடி என்று போலீசில் புகார். நாள்குறிப்பில் இருந்து அந்த ஒரு வரியை மட்டும் ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கூடவே இணைத்திருந்தார்கள்.

“எடுத்தியாய்யா?” என்றார் வக்கீல். அவர் எல்லாக் கட்சிக்காரர்களிடமும் முதலில் கேட்கிற கேள்வி அது.

“இல்லங்கய்யா.”

“அன்னைக்கி எவ்வளவு கட்டுன?”

“அஞ்சு வருசமாச்சுங்கய்யா. வாரம் ரெண்டு தடவ கட்டுவேன். எது எந்தத் தேதின்னு எப்படிங்கய்யா சொல்றது? நோட்டுல ஆறுன்னு எழுதியிருந்தா ஆறுதான் கட்டியிருப்பேன். எழுதுறது ஒண்ணு கட்டுறது ஒண்ணுன்னு நான் செஞ்சதே இல்ல.”

“அப்ப பேங்குக்காரன் முழுங்கிட்டானா?”

“அது தெரியலங்கய்யா. போலீசுல எழுதிக் குடுத்தாங்கன்னா சங்கத்துல அன்னைக்கே என்னய வெளிய அனுப்பிருவாங்க. பணப்பெட்டிச் சாவி எங்கிட்டதான இருக்கு.”

பேங்கில் பணம் கட்டும்போது எழுதுகிற சலானின் அடிக்கட்டை, சீல் போட்டு நம்மிடமே திரும்பிவரும். அந்த அடிக்கட்டைப் புத்தகங்கள் இன்னும் அந்தக் கடையில் கிடக்கலாம் என்றும், அங்கே வேலையில் இருக்கும் பழைய கூட்டாளி ஒருவர் தேடிக் கொடுப்பார் என்றும் அவர் சொன்னார். வக்கீல் எதிர்த்தரப்பிடம் ஒரு மாதம் அவகாசம் கேட்டு எழுதினார். கூட்டாளிக்குக் கடிதம் போனது. அடிக்கட்டையைக் கிழித்து அனுப்ப அந்தக் கடையின் புதிய முதலாளி ஒப்பவில்லை. ஸ்டூடியோக்காரரைக் கடைக்கே வரவழைத்துப் படம் எடுத்து, தபால் கார்டு அளவில் ஒரு பிரதியை அனுப்பினார் கூட்டாளி. அவகாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது அது வந்தது.

படத்தை என் மேசையில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம். கறுப்பும் சாம்பலுமாக இருந்தது. தேதி சரி. கடையின் பெயர் சரி. தொகைக் கட்டத்தில் 450 பளிச்சென்று தெரிந்தது. அதற்கு முன்னால் இருந்த இலக்கத்தின் மேல்தான் பேங்கின் ரப்பர் சீல் விழுந்திருந்தது. வட்டத்தின் ஓரம் அந்த இலக்கத்தின் தலையை வெட்டிக்கொண்டு போயிற்று. ஆறு மாதிரி இருந்தது எனக்கு. வக்கீலுக்கும் அப்படித்தான்.

“எழுத்தால என்ன போட்டிருக்கு?” என்றார் வக்கீல். “இலக்கத்துக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் வந்தா எழுத்துதான்மா நிக்கும். செக்குல சட்டமே அதான். சலானா இருந்தாலும் முதல்ல எழுத்தத்தான் பாக்கணும்.”

எழுத்தால் எழுதிய வரி சிங்களத்தில் இருந்தது. அந்த வருஷம் அந்தக் கிளையில் சிங்களத்தில்தான் நிரப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். கணக்குப்பிள்ளைக்கு அது வாசிக்கவே வராது. அவர் இலக்கம் போடுவார், கவுண்டருக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற ஆள் எழுத்தால் எழுதிக் கொடுப்பார். வரியில் மூன்று சொற்கள். சீல் அதன்மேல் படவில்லை.

கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவர் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்து திரும்பியவர். சிங்களம் கட்டாயம் என்று வந்தபோது பரீட்சைக்காக எழுத்துகளைப் படித்தவர். வக்கீல் ஆள் அனுப்பி அவரை வரவழைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார்.

“ஹா… ர… த… ஹஸ்.”

“அப்படின்னா?”

“தஹஸ்னா ஆயிரம். ஹார… ஹார…” இணைப்புத்தாளில் இருந்த 6,450ஐ ஒருதரம் பார்த்தார். “ஹாரன்னா ஆறு. ஆறாயிரம்.”

நாற்காலி நுனியில் இருந்த கணக்குப்பிள்ளை முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

“நிச்சயமா?” என்றார் வக்கீல்.

“இதுல என்னங்க சந்தேகம்? நமக்கு ஆறு, மலையாளத்தானுக்கும் ஆறு, தெலுங்குல ஆரு, அவனுக்கு ஹார. வாயத் தொறந்து சொல்லிப் பாருங்க, ஒண்ணுதான.”

வக்கீல் வாயைத் திறந்து சொல்லிப் பார்த்தார். சிரித்தார். மனு எழுதுகிறவர் மீதியையும் படித்தார். ஹாரசிய. பனஹயி. சியன்னா நூறு, பனஹன்னா ஐம்பது. ஆறாயிரத்து நானூற்று ஐம்பது. அவர் சொன்னதை எல்லாம் நான் கோட்டின் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டேன். அவர் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

வக்கீல் பதில் நோட்டீசைச் சொல்லச் சொல்ல எடுத்தேன். கட்சிக்காரர் 6,450 ரூபாயையும் கட்டிவிட்டார், அதற்கு பேங்கு சீலுடன் சான்று இருக்கிறது, பாஸ்புத்தகத்தில் குறைந்தால் பேங்கைக் கேளுங்கள். மொழிபெயர்ப்பும் படமும் இணைப்பு. மறுநாள் பகல் தபாலில் பதிவு செய்து அனுப்ப வேண்டியது.

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். வக்கீல் கிளப்புக்குப் போய்விட்டார். கணக்குப்பிள்ளை கடைசி வரியைப் பார்த்துவிட்டு பஸ் ஏறலாம் என்று உட்கார்ந்திருந்தார். காலையில் இருந்த ஆள் இல்லை அவர். பொட்டுக்கடலை வாங்கி வந்து எனக்கும் கொஞ்சம் தந்திருந்தார்.

நான் மொழிபெயர்ப்பை டைப் அடிக்க ஆரம்பித்தேன். இடப்பக்கம் சிங்களச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஹார தஹஸ். டைப்ரைட்டர் வண்டியைத் தள்ளி வலப்பக்கம் ஆறாயிரம். அடுத்த வரி. ஹார சிய. என் விரல்கள் நாலு விசையை அதே வரிசையில் மறுபடி தட்டின. வண்டியைத் தள்ளி வலப்பக்கம் நானூறு என்று அடிக்கப் போன கை நின்றது.

ஹார ஆறாயிரம். ஹார நானூறு.

அடித்ததைத் திரும்பப் படித்தேன். பிறகு என் பென்சில் தாளைப் பார்த்தேன். அதிலும் அப்படியே இருந்தது. அவர் சொன்னதைத் தப்பாக எழுதிவிட்டேனோ என்று படத்தை எடுத்துப் பூதக்கண்ணாடியை வைத்தேன். சிங்களம் எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் கோலம் ஒன்றா வேறா என்று பார்க்க மொழி தேவையில்லை. முதல் சொல்லின் தொடக்கத்தில் ஒரு சுழி, அதன் பக்கத்தில் ஒரு கொக்கி, பிறகு மேலே வளைந்த ஓர் எழுத்து. இரண்டாவது சொல்லின் தொடக்கத்தில் அதே சுழி, அதே கொக்கி, அதே எழுத்து. ஒரே கை, ஒரே மை.

ஹார ஆறு என்றால் தொகை 6,650 ஆக வேண்டும். இலக்கத்தில் 450 பளிச்சென்று இருக்கிறது. ஹார நாலு என்றால் 4,450. பாஸ்புத்தகத்தில் இருப்பதும் அதுதான்.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன். என் முதுகுக்குப் பின்னால் கணக்குப்பிள்ளை கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுருச்சா தங்கச்சி?”

“ரிப்பன் மங்கிருச்சுங்க. காலையில அடிச்சிருவேன். நீங்க பஸ்ஸுக்குப் போங்க.”

அது பொய். அவர் போனதும் மெஷினை மூடினேன்.

மனு எழுதுகிறவரின் வீடு கீழ ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. போகிற வழியிலேயே மனதில் வரிசை போட்டுக்கொண்டேன். ஒன்று, ஹார என்ற சொல் இரண்டு தடவை வந்திருப்பதை மட்டும் சொல்வது. இரண்டு, அவர் தப்பு செய்தார் என்று சொல்லாமல் இருப்பது. மூன்று, ஆறாயிரம் என்று அவர் பிடித்தபிடியாக நின்றால் அழாமல் இருப்பது.

அவர் சட்டை இல்லாமல் மணைக்கட்டையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். முகம் சுருங்கிற்று.

“நீ என்னம்மா, எனக்குச் சிங்களம் சொல்லித்தர வந்தியா?”

“இல்லங்கய்யா. ஒரே சொல்லு ஒரு எடத்துல ஆறாவும் இன்னொரு எடத்துல நாலாவும் இருக்கு. கோர்ட்டுல கேட்டா நான் என்ன சொல்றது?”

“நூறுக்கு முன்னால வந்தா வேற மாதிரி வரும். அதெல்லாம் இலக்கணம்.”

“அப்படி இருந்தா சரிங்கய்யா.”

அவர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். பயந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தத் தாளில் கையெழுத்து அவருடையது.

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அவர் மனைவி, “என்னங்க வார்த்தை அது?” என்று அங்கிருந்தே கேட்டார்.

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது. போ.”

“ஹாரசிய, அக்கா” என்றேன் நான்.

“ஹாரசீயவா? நானூறு.” கையை உதறிக்கொண்டு நிலைப்படிக்கு வந்தார். “தோட்டத்துல ஆளுங்க குடியிருக்கிற லயத்துக்கிட்ட நான் வெத்தலைக் கடை போட்டிருந்தேன்ல. வெத்தலை எண்ணித்தான் வாங்குவேன். ஹாரசீயன்னா நாலு நூறு வெத்தலை. அறுநூறுன்னா ஹயசீயம்பான்.”

“ஹாரதஹஸ்னா?”

“ஹாரதாஹன்னா நாலாயிரம். அம்புட்டு வெத்தலை நான் எங்க வாங்குனேன்? ஆனா சொல்லுவாங்க.” புருஷனைப் பார்த்தார். “நீங்க என்னன்னு சொன்னீங்க?”

அவர் மோரைக் குடிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆறுன்னாரா? ஆறுன்னா ஹய. இவரு ஆபீசுல இங்கிலீசு பேசிக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. சந்தைக்குப் போனது நான்தான” என்றார் அந்த அக்கா. கேலியாகத்தான் சொன்னார். அவர் மட்டும் சிரித்தார்.

நான் தாளை நீட்டினேன். மனு எழுதுகிறவர் தன் கையெழுத்தை அடித்து, நாலாயிரத்து நானூற்று ஐம்பது என்று எழுதி, மறுபடி கையெழுத்துப் போட்டார். நான் கிளம்பும்போது, “பேங்குல போட்டது நாலுதான்னா அந்த ஆளுக்கு என்னம்மா ஆகும்?” என்று கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். தெரிந்திருந்தது.

அன்று இரவு வீட்டில் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆறு என்றே அடித்து அனுப்பிவிட்டால் என்ன என்று ஒருமுறை நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், நினைத்தேன். வக்கீல் கேட்கவில்லை, கட்சிக்காரருக்குத் தெரியாது, மொழிபெயர்ப்பு என் கை வேலையில்லை. ஆனால் எதிர்த்தரப்பு அதே படத்தை வேறொரு ஆளிடம் காட்டினால் போதும். பணத்தை எடுத்தான் என்பதோடு பொய்ச்சான்றும் வைத்தான் என்று ஆகிவிடும்.

காலையில் வக்கீலிடம் சொன்னேன். தாளை மூன்றுதரம் படித்தார்.

“அப்ப எடுத்திருக்கான்” என்றார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “நோட்டுல அவன் கையால ஆறு. பேங்குல அவன் கட்டுனது நாலு. இனி என்ன சொல்றது? படத்த வைக்க வேணாம். தவணை முறையில கட்டுறேன்னு கேட்டுப் பாக்கலாம்.”

பதினோரு மணிக்குக் கணக்குப்பிள்ளை வந்தார். சங்கத்தில் அரைநாள் லீவு சொல்லியிருந்தார். வக்கீல் அவரை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். கதவு திறந்துதான் இருந்தது.

கணக்குப்பிள்ளை கத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “நாலுதானாங்கய்யா?” என்று கேட்டார்.

“நாலுதான்.”

“அப்ப நோட்டுல ஏங்கய்யா ஆறுன்னு எழுதினேன்?”

“அத நீதான்யா சொல்லணும்.”

வெளியே வந்து என் மேசைக்கு எதிரே நின்றார். சட்டையின் முதுகெல்லாம் நனைந்திருந்தது. “தங்கச்சி, நம்ம கையால எழுதுனது பொய்யாவாங்க எழுதியிருப்போம்?” என்றார். என்னிடம் பதிலை எதிர்பார்த்து அல்ல.

என் பயத்தை நான் வழக்கமாக அடக்குகிற விதம் தாள் எடுத்து எழுதுவது. அவர் எதிரிலேயே கோடு போட்டேன். இடப்பக்கம், நாங்கள் கண்ணால் பார்த்தவை. படம், அதில் எழுத்தால் எழுதியது, இலக்கத்தின் கடைசி மூன்றும். வலப்பக்கம், வேறு யாரோ பார்த்துச் சொன்னவை. பாஸ்புத்தகம். நாள்குறிப்பு.

நாள்குறிப்பு வலப்பக்கம் இருந்தது. அவருடைய கையெழுத்து, அவருடைய கையெழுத்து என்று ஒரு மாதமாகப் பேசுகிறோம். நாங்கள் பார்த்ததோ எவனோ டைப் அடித்த ஒரு வரி. நானே நேற்று ஒருவர் சொன்னதைக் கேட்டு ஆறு என்று அடித்தவள்தானே.

“நோட்டுல தொகைய எப்படி எழுதுவீங்க? இங்கிலீசு இலக்கமா?” என்று கேட்டேன்.

“இல்ல தங்கச்சி. தமிழ் இலக்கந்தான். பழைய முதலாளிமாரு கடையில அப்படித்தான்.”

அந்தத் தாளோடு உள்ளே போனேன். வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். “நாள்குறிப்ப நாம பாக்கலீங்க சார். நகல்தான் பாத்தோம். அசல் தமிழ் இலக்கத்துல இருக்குதாம்” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். தமிழில் நாலு ச மாதிரி இருக்கும், ௪. ஆறு சு மாதிரி இருக்கும், ௬. வால் ஒன்றுதான் வித்தியாசம். அவர் அப்பா காலத்துப் பத்திரங்களைப் படித்து வளர்ந்தவர், நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அசலைப் பார்வையிட வேண்டும் என்று எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்றைக்கே கடிதம் போனது.

மூன்றாம் நாள் எதிர்த்தரப்பு வக்கீலின் ஆபீசில் கூடினோம். நான் குறிப்பு எடுக்கப் போனேன். முதலாளி எழுபதை நெருங்கியவர், வெண்ணிற மல் வேட்டி, தடித்த கண்ணாடி. மகன் பேண்ட் போட்டிருந்தான். சிவப்புத் துணி அட்டை போட்ட நாள்குறிப்பை மகன்தான் திறந்து, விரலை வைத்துக் காட்டினான்.

“இந்தாங்க. ஆறாயிரத்து நானூத்தம்பது. இவரு எழுத்துதான். கேளுங்க.”

கணக்குப்பிள்ளை குனிந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, புத்தகத்தைத் தொடாமல் பார்த்தார். நான் அவர் தோளுக்கு இந்தப்பக்கம் இருந்து பார்த்தேன். ௪, அடுத்து ஆயிரத்தின் குறி ௲. முதல் எழுத்தில் இருந்து பேனாவைத் தூக்காமல் அடுத்த குறிக்குப் போயிருக்கிறார். அந்த இழுப்பு அடியில் வால் மாதிரி தொங்கியது. சு என்றால் சு. ச என்றால் ச. இதிலும் தீர்வு இல்லை என்று நினைத்தேன்.

“நாலுதாங்கய்யா” என்றார் கணக்குப்பிள்ளை மெல்ல. “இழுத்து எழுதியிருக்கேன்.”

“இப்ப அப்படித்தான் சொல்லுவீங்க” என்றான் மகன். “நூறுக்கு முன்னாடி இருக்கே, அதான் நாலு. அதுல வால் இருக்கா? இதுல இருக்கு. நாங்க என்ன கண்ணில்லாதவங்களா?”

நான் அந்த வரியை விட்டுவிட்டுப் பக்கத்தின் மேலே போனேன். அவர்கள் நகல் எடுத்தது ஒரு வரி. பக்கத்தில் ஏழெட்டு வரிகள் இருந்தன. அந்த இலக்கங்களை நான் தயங்கித் தயங்கித்தான் படிப்பேன்.

“முந்தின நாள் இருப்பு எவ்வளவுங்க?” என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டேன்.

“மூவாயிரத்து எரநூத்துப் பதினஞ்சு.”

“அன்னைக்கி வியாபாரம்?”

“ஆயிரத்து அறுநூத்துத் தொண்ணூறு.”

சுருக்கெழுத்து நோட்டில் கூட்டினேன். 4,905. “அன்னைக்கிக் கடையில இருந்ததே இவ்வளவுதாங்க” என்றேன். “இதுல இருந்து ஆறாயிரத்து நானூத்தம்பது எப்படி எடுத்துட்டுப் போக முடியும்?”

மகன் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினான். எங்கள் வக்கீல், “நாளுமுடிவு இருப்பப் படிங்க” என்றார். முன்னூற்று எழுபத்தைந்து. வண்டிக்கூலியும் சில்லறைச் செலவும் எண்பது. நாலாயிரத்து நானூற்று ஐம்பதும் எண்பதும் போனால் முன்னூற்று எழுபத்தைந்து சரியாக நின்றது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புத்தகத்தை மூக்குவரை தூக்கிப் பார்த்தார். அவருக்கும் அந்த இலக்கங்கள்தான் பழக்கம். “நாலுதாண்டா” என்றார் மகனிடம். “நான் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். நீ படிச்சுச் சொன்னே, நானும் கேட்டேன்.” பிறகு கணக்குப்பிள்ளையிடம் திரும்பி, “நீ அன்னைக்கே நாலுதான்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றார்.

“எங்கிட்ட நோட்டக் காட்டலயே முதலாளி. ஆறுன்னு நீங்க சொன்னீங்க. நானும் ஆறுன்னேன்.”

நோட்டீசைத் திரும்பப் பெறுவதாக அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதச் சொல்லி எங்கள் வக்கீல் நின்று பார்த்து வாங்கினார்.

வெளியே வந்தோம். வக்கீல் கோர்ட்டுக்குப் போய்விட்டார். ஆலங்குடி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் வழிதான். கணக்குப்பிள்ளை பேசாமலே வந்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பழக்கடை ஓரமாக வந்ததும் நின்றார்.

“தங்கச்சி, ஒண்ணு சொல்லுறேன், வக்கீலய்யாகிட்ட சொல்லிராதீங்க.”

“சொல்லுங்க.”

“நாலுன்னு நீங்க சொன்ன அன்னைக்கிலேருந்து மூணு நாளா ஒக்காந்து யோசிச்சேன். ரெண்டாயிரத்த எடுத்து என்ன செஞ்சேன்னு. அந்த வருசந்தான் எங்க அக்கா வீட்டுக்கு ஓடு மாத்துனோம். பணம் அனுப்புனேன். எவ்வளவுன்னு நெனவில்ல. அதுதான் இதுன்னு முடிவே பண்ணிட்டேன். எடுத்த மாதிரியே நெனவு வந்துருச்சு. பெட்டியத் தொறந்தது, நோட்ட எண்ணுனது, எல்லாம்.” உள்ளங்கையைப் பார்த்தார். “இன்னைக்கிப் போயி ஒத்துக்கிரலாம்னுதான் வந்தேன். நோட்டப் பாத்ததும் நாலுன்னு வாயில வந்துச்சு, ஆனா எனக்கே அதுல நம்பிக்கையில்ல. அந்தப் பொண்ணு கூட்டிப் பாக்கலேன்னா ஒத்துக்கிட்டிருப்பேன்.”

அந்தப் பொண்ணு என்று என்னைத்தான் சொன்னார், என்னிடமே. பஸ் வந்தது. அவர் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். கண்டக்டர் டிக்கெட்டுக்குச் சில்லறை கேட்டபோது, சட்டைப் பையில் இருந்து எடுத்ததை எண்ணினார், மறுபடி எண்ணினார். பஸ் நகர்ந்து திரும்புகிற வரைக்கும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.